பத்து நோயாளிகளும் இரண்டு விடைகளும்

புள்ளியியல் தேர்வுக்கு முந்தின வாரம் மாணவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சூத்திரங்களையெல்லாம் வரிசையாகப் பெயர்த்து எழுதியிருப்பார்கள். தாள் நிறைந்திருக்கும். ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்து, "இதற்கு எந்தச் சூத்திரம்?" என்று கேட்டால் பலருக்குக் கை ஓடாது. சூத்திரம் தெரியாததால் அல்ல, அதை எப்போது எடுக்க வேண்டும் என்று அந்தத் தாள் எங்குமே சொல்லாததால்.

அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் விடையே தலைகீழாகிவிடும். புள்ளியியலில் புகழ்பெற்ற ஒரு பழைய கணக்கு இதைக் காட்டுகிறது.

டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர் வில்லியம் சீலி காசெட். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்று நாம் 'டி-சோதனை' என்று படிப்பது பிறந்தது. சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதே அவருடைய கேள்வி. அதற்கு எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது பத்து நோயாளிகளின் தூக்கக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்துகள் வெவ்வேறு சமயங்களில் கொடுக்கப்பட்டன. வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது பதிவானது. முதல் மருந்தில் சராசரிக் கூடுதல் 0.75 மணி. இரண்டாவதில் 2.33 மணி. வித்தியாசம் 1.58 மணி. இது மருந்தின் குணமா, தற்செயலா?

வகுப்புக் குறிப்பேட்டில் இதற்குப் பொருந்துவது போலத் தோன்றும் சூத்திரங்கள் இரண்டு, பெரும்பாலும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும்.

```
(அ)  t = (x̄₂ − x̄₁) / ( s_p · √(1/n₁ + 1/n₂) )
(ஆ)  t = d̄ / ( s_d / √n )
```

முதலில் (அ)-வைப் போட்டுப் பார்ப்போம். இதில் `s_p` என்பது இரு குழுக்களின் பரவலையும் சேர்த்துக் கணக்கிட்ட திட்ட விலக்கம். முதல் மருந்தின் திட்ட விலக்கம் 1.79, இரண்டாவதற்கு 2.00, இரண்டும் சேர்ந்து 1.90. அப்போது கீழ்ப்பகுதி 0.849 வருகிறது. 1.58-ஐ அதால் வகுத்தால் 1.86. கட்டின்மைக் கூறுகள் 18. ஐந்து சதவீத மட்டத்தில், இருபக்கச் சோதனைக்கு அட்டவணை கேட்பது 2.10. நம் மதிப்பு அதை எட்டவில்லை. ஆகவே மருந்துகளுக்குள் வேறுபாடு உண்டு என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

இப்போது (ஆ). ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாம் மருந்தின் மதிப்பிலிருந்து முதல் மருந்தின் மதிப்பைக் கழிக்கிறோம். கிடைக்கும் பத்து வித்தியாசங்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் சராசரி அதே 1.58. திட்ட விலக்கம் 1.23. அதை √10-ஆல் வகுத்தால் 0.389. எனவே t = 1.58 / 0.389 = 4.06. கட்டின்மைக் கூறுகள் 9. அட்டவணை கேட்பது 2.26 மட்டுமே. வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

எண்கள் அதே எண்கள், சராசரி வித்தியாசமும் அதே. ஆனால் ஒரு சூத்திரம் இல்லை என்கிறது, மற்றது உண்டு என்கிறது. இந்த இடத்தில் சரியானது (ஆ). காரணத்தை இரண்டு நோயாளிகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஏழாம் நோயாளிக்கு முதல் மருந்தில் 3.7 மணி கூடியது, இரண்டாவதில் 5.5. இரண்டாம் நோயாளிக்கு முதல் மருந்தில் 1.6 மணி குறைந்தது, இரண்டாவதில் 0.8 கூடியது. ஆளுக்கு ஆள் தூக்கம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. ஆனால் அதே ஆளுக்குள் இரு மருந்துகளின் வித்தியாசம் 1.8, 2.4 என்று நெருங்கியே இருக்கிறது. (அ) சூத்திரம் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கீழே போட்டு வகுப்பதால், மருந்தின் விளைவு அதில் அமுங்கிப்போகிறது.

தாளில் எழுத வேண்டியது இந்தக் காரணத்தைத்தான். குறிப்பேட்டிலுள்ள ஒவ்வொரு சூத்திரத்தையும் தாளுக்கு மாற்றும்போது, சூத்திரத்துக்கு முன்னால் அது பதில் சொல்லும் கேள்வியையும், தரவு எப்படிச் சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். (ஆ)-வுக்கான பதிவு இப்படி அமையலாம்:

"கேள்வி: ஒரே ஆளிடம் இருமுறை அளந்ததில் சராசரி மாறியதா? தரவு: இணை இணையாக வரும், ஒரு வரிசையைக் கலைத்து அடுக்கினால் பொருள் கெடும். நிபந்தனை: ஓர் இணை மற்றொன்றைச் சாராதது, வித்தியாசங்களின் பரவல் ஏறத்தாழ மணி வடிவம். n என்பது இணைகளின் எண்ணிக்கை, அளவீடுகளின் எண்ணிக்கை அல்ல. எடுத்துக்காட்டு: தூக்கக் கணக்கு, n = 10, t = 4.06. எப்போது கூடாது: இரு குழுவிலும் வெவ்வேறு ஆட்கள் இருந்தால் (அ)-வுக்குப் போ."

இதில் "கலைத்து அடுக்கினால்" என்ற வரிதான் கணக்கைப் படித்தவுடன் கைகொடுக்கும் சோதனை. இரண்டாம் மருந்தின் பத்து எண்களையும் இடம் மாற்றி எழுதினால் இந்த ஆய்வே குலைந்துவிடும். ஆனால் இரண்டு பள்ளிகளிலிருந்து தனித்தனியே எடுத்த மதிப்பெண்களில் ஒரு பட்டியலைக் கலைத்தாலும் எதுவும் கெடாது. கெட்டால் (ஆ), கெடாவிட்டால் (அ).

நிபந்தனையை எழுதினால் மட்டும் போதாது, அதைச் சரிபார்க்கும் வழியையும் பக்கத்தில் எழுத வேண்டும். மேலே உள்ள பத்து வித்தியாசங்களை ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாகக் குறித்துப் பாருங்கள். 4.6 தனியே விலகி நிற்கும். மணி வடிவம் என்ற நிபந்தனைக்கு அது ஓர் எச்சரிக்கை. அதை விட்டுவிட்டு மீண்டும் கணக்கிட்டால் சராசரி 1.24-ஆகக் குறைகிறது. ஆனால் திட்ட விலக்கமும் 0.66-ஆகச் சுருங்குவதால் t ஏறத்தாழ 5.7-ஆக உயர்கிறது. முடிவு அந்த ஒரு நோயாளியை நம்பி நிற்கவில்லை என்று இதிலிருந்து அறிகிறோம். முடிவு மாறியிருந்தால், இந்தச் சூத்திரத்தை நம்பியிருக்கக் கூடாது.

எடுத்துக்காட்டை விடையோடு எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கால்குலேட்டரில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு மதிப்புகள் கிடைக்கும். ஒன்று n-ஆல் வகுப்பது, மற்றது n−1-ஆல் வகுப்பது. எக்செல்லில் அவை `STDEV.P`, `STDEV.S`. டி-சோதனைக்கு வேண்டியது பின்னது. தவறியெடுத்தால் 1.23-க்குப் பதில் 1.17 வரும், t 4.28 ஆகிவிடும். தாளில் 4.06 என்று எழுதியிருந்தால் தவறு உடனே பிடிபடும். காசெட் தம் 1908 கட்டுரையில் n-ஆல்தான் வகுத்தார். அவருடைய அட்டவணையும் அதற்கேற்றபடி வேறாக இருந்தது. சூத்திரமும் அட்டவணையும் ஒன்றோடொன்று பிறந்தவை. ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறோரிடத்திலும் எடுத்துச் சேர்க்கக் கூடாது.

தாள் முடிந்ததும் அதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பல பாடங்களின் கணக்குகளைக் கலந்து பத்து எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் போட வேண்டாம். தாளில் சூத்திரப் பகுதியைக் கையால் மூடிக்கொண்டு, நிபந்தனைகளை மட்டும் படித்து, எந்தக் கணக்குக்கு எந்தப் பதிவு என்று குறியுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்தப் பதிவில் ஒரு வரி குறைகிறது. அந்த வரியை எழுதிச் சேர்த்த பிறகு தேர்வுக்குப் போங்கள்.