பொய்யாக ஒரு ஐந்நூறு

ஏதாவது ஒரு கைபேசி விளையாட்டின் பெயரோடு ‘மோட் ஏபிகே’ என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். அளவில்லாத நாணயம், எல்லா வண்டியும் இலவசம், விளம்பரமே கிடையாது என்று திருத்திய பிரதிகள் வரிசைகட்டி நிற்கும். இவற்றைச் செய்தவர்கள் விளையாட்டு நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்து எதையும் எடுக்கவில்லை. அதற்குத் தேவையே இல்லை. விளையாட்டு முழுவதும் அவர்கள் போனிலேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு செயலி வந்திறங்கும் ஏபிகே என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஓடிக்கொண்டே நாணயம் பொறுக்கும் ஒரு சின்ன விளையாட்டை யூனிட்டியில் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதை ‘மோனோ’ முறையில் கட்டியிருந்தால், உள்ளே `Assembly-CSharp.dll` என்ற கோப்பு கிடக்கும். டிஎன்ஸ்பை போன்ற ஒரு கருவியில் அதைத் திறந்தால், எழுதியவர் வைத்த பெயர்களோடு நிரல் ஏறக்குறைய அப்படியே தெரியும்:

```
bool BuyItem(int price) {
    if (coins < price) return false;
    coins -= price;
    return true;
}
```

`-=` என்பதை `+=` என்று மாற்றிவிட்டால் போதும். கடையில் வாங்க வாங்கக் காசு கூடிக்கொண்டே போகும். நிரல் எழுதத் தெரிந்த பள்ளி மாணவனுக்கே இது ஒரு மாலை நேர வேலைதான்.

இதற்கு முதல் தடுப்பு, நிரலைப் படித்தால் புரியாதபடி செய்வது. அப்ஃபஸ்கேஷன் என்பார்கள். `BuyItem` என்ற பெயர் `a` ஆகும், `coins` என்பது `b` ஆகும். விளையாட்டு ஓடுவதில் எந்த மாற்றமும் இருக்காது. ஆனால் திருத்த வருகிறவர் ஆயிரக்கணக்கான `a`, `b`-க்களுக்கு நடுவே கடை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அடுத்த படி, யூனிட்டியின் ஐஎல்2சிபிபி முறை. இதில் நிரல் சி++ ஆக மாறி, அங்கிருந்து நேரடியாகச் சிப்புக்குரிய இயந்திர மொழிக்குப் போய்விடும். எழுதியவரின் நிரல் அதில் பழைய வடிவில் கிடைக்காது. ஆனால் பெயர்கள் மட்டும் `global-metadata.dat` என்ற துணைக் கோப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கத் தனிக் கருவியே உண்டு. ஆகவே ஐஎல்2சிபிபி-க்கு மாறினாலும் பெயர்களைக் குழப்பும் வேலை மிச்சம் இருக்கிறது.

இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் அடி வாங்குவது நம் விளையாட்டுதான். `Start`, `Update` போன்றவற்றை யூனிட்டி பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. அவற்றை மாற்றினால் திரையில் எதுவும் அசையாது. இதையாவது முதல் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சேமிப்புக் கோப்பில் வரும் தொந்தரவு வெளியீட்டுக்குப் பிறகுதான் தெரியும். ஆட்டக்காரரின் கணக்கு ஜேசனாகச் சேமிக்கப்படும்போது மாறிகளின் பெயர்களும் அதிலேயே எழுதப்படுகின்றன. இந்தப் பதிப்பில் `b` என்றிருந்த நாணயம் அடுத்த பதிப்பில் `k` ஆகிவிட்டால், அப்டேட் செய்த அத்தனை பேருக்கும் காசு பூஜ்யம். அதனால் சேமிக்கப்படும் பெயர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும். எந்தப் பெயர் எதுவானது என்ற பட்டியலையும் பதிப்புவாரியாக எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் செயலி முடங்கியதாக வரும் அறிக்கைகள் நமக்கே புரியாது.

நிரலைத் தொடாமலே ஏமாற்ற இன்னொரு வழி இருக்கிறது. கேம் கார்டியன் வகைச் செயலிகள், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் நினைவகத்தைத் துழாவுகின்றன. திரையில் 500 நாணயம் தெரிகிறதா? 500 என்று தேடு. பல்லாயிரம் இடங்கள் கிடைக்கும். 30 நாணயம் செலவழி. கிடைத்த இடங்களுக்குள் 470 ஆக மாறியது எது என்று மறுபடி தேடு. ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அங்கே 9,99,999 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இதற்கான பதில்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தந்திரம். உண்மையான எண்ணை அப்படியே வைக்காமல், ஒரு ரகசிய எண்ணோடு எக்ஸ்ஆர் செய்து வைப்பார்கள். அதே ரகசிய எண்ணோடு மறுபடி எக்ஸ்ஆர் செய்தால் பழைய எண் திரும்பக் கிடைக்கும். பக்கத்திலேயே பொறியாக, வெறும் 500-ஐயும் வைப்பார்கள்:

```
stored = 500 ^ 9173;   // 8737
decoy  = 500;
```

துழாவுகிறவர் கையில் சிக்குவது `decoy`. அதை அவர் மாற்றியதும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று விளையாட்டுக்குத் தெரிந்துவிடும். 30 நாணயம் செலவானதும் ரகசிய எண்ணையும் 4421 என்று மாற்றிவிட்டால், உள்ளே இருக்கும் மதிப்பு 4243 ஆகிவிடும். 500-க்கும் 470-க்கும் உள்ள உறவு அந்த எண்களில் தெரியவே தெரியாது.

இனி, பிரித்துத் திருத்திய ஏபிகேயைக் கண்டுபிடிப்பது. திருத்தியவர் அதை மறுபடி கட்டும்போது டிஜிட்டல் கையொப்பம் இட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு அதை நிறுவாது. அசல் சாவி அவரிடம் இல்லை; தன் சாவியால்தான் இடுவார். ஆகவே விளையாட்டு தொடங்கும்போது, தன்மேல் இருக்கும் கையொப்பச் சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகை அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பிளே ஸ்டோரில் ‘பிளே ஆப் சைனிங்’ முறையில் வெளியிட்டால், நாம் ஏற்றும்போது இடும் கையொப்பம் வேறு, ஆட்டக்காரர் போனுக்குப் போகும் கையொப்பம் வேறு. நம்முடைய சாவியின் கைரேகையை வைத்துச் சோதித்தால் நம் மேசையில் எல்லாம் சரியாக ஓடும். பிளே ஸ்டோரில் இறக்கிய நேர்மையான ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் திருடர்களாவார்கள். பிளே கன்சோலில் காட்டப்படும் ஆப் சைனிங் சாவியின் கைரேகையைத்தான் எடுக்க வேண்டும். வெளியிடுமுன், ஸ்டோரின் சோதனைத் தடத்தில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டால் இந்தக் கோளாறு தப்பாது.

குற்றம் பிடிபட்டதும் உடனே செயலியை மூடுவது பலருக்கு இயல்பாகத் தோன்றும். அது தவறு. எந்த வரியில் நின்றதோ அதற்கு முந்தைய வரிதான் சோதனை என்று திருத்துகிறவருக்கு நாமே காட்டிக்கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு அவர் போய்விடுவார். 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்’ இதை வேறு விதமாகக் கையாண்டது. கைவைக்கப்பட்ட பிரதி பார்வைக்கு நன்றாகவே ஓடும். போகப்போகச் சேர்த்த பொருட்கள் காணாமல் போகும், மொழி தானாக மாறும். ஒரு சோதனையை நீக்கினால் இன்னொரு சோதனை அதைக் கண்டுகொள்ளும். உடைக்க வந்தவர்கள் முழுவதையும் ஆடிப் பார்த்தால்தான் தாங்கள் வென்றோமா என்றே தெரியும் என்ற நிலை. இரண்டு மாதத்துக்கும் மேல் அது தாக்குப்பிடித்தது. விற்பனையில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில் நடக்கும் தொழிலில் அந்த அவகாசம்தான் காசு.

மேலே சொன்ன எல்லாமே எதிராளியின் கையிலிருக்கும் போனில் நடப்பவை. நேரம் இருந்தால் எல்லாவற்றையும் அவர் நீக்கிவிடலாம். அவர் கைக்கு எட்டாத இடம் சர்வர். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவை அந்த வழியில் செல்கிறது. செயலி ஸ்டோரில் வெளியிட்ட அதே பிரதியா, போன் நம்பத்தக்கதா என்ற தீர்ப்பை அது மறைகுறியாக்கி அனுப்பும். விளையாட்டு அதை அப்படியே நம் சர்வருக்குத் தள்ளிவிடும், தீர்ப்பு அங்கேதான் பிரிக்கப்படும். தீர்ப்பைக் கேட்கும்போது அனுப்பவிருக்கும் மதிப்பெண்ணின் ஹாஷையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரு நல்ல தீர்ப்பை எடுத்து வேறொரு மதிப்பெண்ணோடு ஒட்டிவிட முடியாது.

ஆனால் பழைய போன், ஆட்டக்காரர் விருப்பப்பட்டு மாற்றிப்போட்ட இயங்குதளம் ஆகியவையும் இந்தத் தேர்வில் தோற்கலாம். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அதனால் தீர்ப்பு சரியில்லாதவரை ஆடவே விடாமல் துரத்துவதைவிட, தனியாக ஆட விட்டுவிட்டு, மற்றவர்களோடு போட்டியிடும் மதிப்பெண் பட்டியலில் மட்டும் சேர்க்காமல் விடுவது நியாயம். பட்டியலுக்கு வரும் எண்ணையும் சர்வர் தன் கணக்கில் பார்க்க வேண்டும். நம் ஓட்டக்காரனின் உச்ச வேகம் நொடிக்கு 12 மீட்டர் என்றால், சர்வரின் கடிகாரப்படி 90 நொடி நடந்த ஓட்டத்தில் 1,080 மீட்டருக்கு மேல் வர வழியில்லை. 5,000 என்று வந்தால், எந்தக் கருவியால் ஏமாற்றினார் என்று ஆராய வேண்டியதே இல்லை. பதிவு செய்யாமல் விட்டுவிடலாம்.