உரையாடல் எழுதுதல்: படிப்புக் குழு அமைக்கும் நண்பர்கள்

அ. விளக்கம்

இருவரோ பலரோ ஒரு பொருள் குறித்து மாறி மாறிப் பேசுவது உரையாடல் எனப்படும். கதையில் ஒருவர் பேசியதை ஆசிரியர் இடையில் நின்று அறிவிக்கிறார். அதனால் அங்கே மேற்கோள் குறியும், ‘என்று கேட்டான்’, ‘என்று கூறினாள்’ போன்ற தொடர்களும் வருகின்றன. உரையாடல் வடிவில் அவ்வாறு அறிவிப்பவர் இல்லை. பேசுபவர் யார் என்பதைப் பெயரும் அதனை அடுத்த முக்காற்புள்ளியும் காட்டிவிடுகின்றன. ஆகவே மேற்கோள் குறி தேவைப்படுவதில்லை.

உரையாடலின் தொடக்கத்தில் இடம், நேரம், பேசுவோர் ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும். ஒவ்வொருவர் பேச்சும் புதிய வரியில் தொடங்க வேண்டும். பேசுபவரின் செயலையோ மெய்ப்பாட்டையோ காட்ட வேண்டுமாயின், அதனைப் பிறைக்குறிக்குள் சுருக்கமாக எழுத வேண்டும்.

ஆ. சூழல்

கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. அதன்பின் பலர் நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்துத் திரும்புகின்றனர். இங்குள்ள மாணவர் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஊரிலும் பள்ளியிலும் கன்னடம் பயில்கின்றனர். இத்தகைய மாணவர் இருவர் தேர்வுக்குமுன் படிப்புக் குழு ஒன்றை அமைக்க எண்ணுகின்றனர்.

இ. மாதிரி உரையாடல்

இடம்: பள்ளி வாயில்
நேரம்: மாலை, பள்ளி முடிந்தபின்
பேசுவோர்: கதிரவன், குமரன் (எட்டாம் வகுப்பு மாணவர்கள்)

கதிரவன்: குமரா, ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்களே உள்ளன. நாம் சேர்ந்து படித்தால் என்ன?

குமரன்: நானும் அதையே எண்ணினேன். தமிழில் பேசுவதற்கு எனக்குத் தயக்கம் இல்லை. பாடத்தை வாசிக்கும்போதுதான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறேன். அடுத்த ஆண்டு தமிழை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கதிரவன்: விட்டுவிடாதே! எனக்குக் கன்னடத்தில் கட்டுரை எழுத வரவில்லை. நீ நன்றாக எழுதுகிறாய். நான் உனக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தருகிறேன். நீ எனக்குக் கன்னடம் சொல்லிக்கொடு.

குமரன்: அப்படியே செய்வோம். எங்கே படிப்பது? மாரிகுப்பத்தில் எங்கள் வீடு ஒரே அறை கொண்டது.

கதிரவன்: எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் உண்டு, விளக்கும் உண்டு. நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு வந்துவிடு.

குமரன்: (சற்றுத் தயங்கி) ஐந்து மணிக்கு வர இயலாது, கதிரவா. அப்பா விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குச் செல்கிறார், இரவில்தான் திரும்புகிறார். அம்மா வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவார். அதுவரை தங்கையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதிரவன்: எனக்கு அது தெரியாது. ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடலாமா?

குமரன்: முடிக்கலாம். ஆனால் நாள்தோறும் வந்தால் வீட்டுப்பாடம் எழுத நேரம் இராது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள் போதுமா?

கதிரவன்: போதும். முதல் முக்கால் மணி நேரம் தமிழ். அடுத்த முக்கால் மணி நேரம் கன்னடம். வேறு யாரையேனும் சேர்க்கலாமா?

குமரன்: இருவரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆள் மிகுந்தால் ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசிக்க முறை வராது.

கதிரவன்: சரி. ஐயம் எழுந்தால் என் தாத்தாவிடம் கேட்கலாம். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. தமிழ்ச் செய்தித்தாளை யாரேனும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று காத்திருக்கிறார்.

குமரன்: என் வாசிப்பு மிகவும் மெதுவாக இருக்குமே!

கதிரவன்: அவருக்கு அவசரம் இல்லை. தவறாக வாசித்தால் மட்டும் உடனே திருத்துவார்.

குமரன்: (சிரித்து) அப்படியானால் வரும் திங்கட்கிழமை ஆறரை மணிக்குத் தமிழ்ப் புத்தகத்துடன் வருகிறேன்.

கதிரவன்: நான் கன்னடக் குறிப்பேட்டை எடுத்து வைக்கிறேன்.

ஈ. அமைப்பை ஆராய்தல்

திட்டமிடும் உரையாடலில், தொடக்கத்தில் கூறிய கருத்து இறுதிவரை அப்படியே நிற்பதில்லை. ஐந்து மணி என்று கதிரவன் கூறினான். குமரன் வீட்டு நிலையைச் சொன்னான். நேரம் ஆறரை ஆயிற்று. நாள்தோறும் என்றது மூன்று நாளாகக் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு காரணம் பேச்சிலேயே வந்துள்ளது. ‘சரி’, ‘நல்லது’, ‘அப்படியே ஆகட்டும்’ என்று ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டே போனால், அது ஒருவரே பேசியது போலாகும். இடம், நாள், நேரம், பாடம், ஆள் ஆகிய ஐந்தும் முடிவாகியபின் உரையாடல் நிறைவுறுகிறது.

வரியின் தொடக்கத்தில் ‘குமரன்:’ என்று எழுவாய் வடிவம் வருகிறது. பேச்சுக்குள் அழைக்கும்போது அது ‘குமரா’ என விளியாகிறது. விளிச்சொல்லைக் காற்புள்ளியால் பிரித்துக் காட்ட வேண்டும். ஒத்த வயதினராதலால் கதிரவன் குமரனை ‘நீ’ என்கிறான். அப்பா, அம்மா, தாத்தா ஆகியோரைக் குறிக்கையில் ‘செல்கிறார்’, ‘வருவார்’, ‘திருத்துவார்’ என மரியாதைப் பன்மை வருகிறது.

உ. பிழையும் திருத்தமும்

பிழை: குமரன்: நீ எப்போது வருவாய் என்று கதிரவன் கேட்டான்.
திருத்தம்: கதிரவன்: குமரா, நீ எப்போது வருவாய்?

முதல் வரியில் பேசியவன் கதிரவன், பெயரோ குமரனுடையது. அன்றியும், ‘என்று கேட்டான்’ என்பது அறிவிப்பவர் கூற்று. ஒரு வரியைப் படித்ததும் ‘இதனைப் பேசியவர் வாய்மொழியாக அப்படியே சொல்ல முடியுமா?’ என்று கேட்டுப் பார்த்தால் இப்பிழை புலப்படும்.

பிழை: அதுக்கு மேல வேணாம்.
திருத்தம்: அதற்கு மேல் வேண்டாம்.

தேர்வில் உரையாடலை எழுத்துத் தமிழில் எழுத வேண்டும். ஆயினும் தொடர்கள் பேசும் அளவிற்குச் சிறியனவாக இருத்தல் வேண்டும்.

ஊ. நேர்க்கூற்றும் அயற்கூற்றும்

உரையாடலைப் பத்தியாக மாற்றும்போது நேர்க்கூற்று அயற்கூற்றாகும். அப்போது ‘நான்’ என்பது ‘தான்’ எனவும், ‘இன்று’ என்பது ‘அன்று’ எனவும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ எனவும், ‘இங்கே’ என்பது ‘அங்கே’ எனவும் மாறும்.

நேர்க்கூற்று: “நான் நாளை வருகிறேன்” என்று குமரன் கூறினான்.
அயற்கூற்று: தான் மறுநாள் வருவதாகக் குமரன் கூறினான்.

எ. பயிற்சி

1. அயற்கூற்றாக மாற்றுக: “நான் இன்று இங்கே படிக்கிறேன்” என்று கதிரவன் கூறினான்.

2. விளி வடிவம் எழுதுக: மாறன், முகிலன், கண்ணன்.

3. உரிய நிறுத்தக்குறிகளை இட்டு எழுதுக: கதிரவன் குமரா நீ தமிழ்ப் புத்தகம் கொண்டுவந்தாயா

4. குழுவில் சேர முகிலன் விரும்புகிறான். வெள்ளிக்கிழமை மாலை அவன் தந்தையின் கடையில் இருக்க வேண்டியுள்ளது. குமரன், கதிரவன், முகிலன் ஆகிய மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வருவதாக, பத்துப் பேச்சுகளில் உரையாடல் எழுதுக. ஒரு கருத்தேனும் காரணத்துடன் மாறுதல் வேண்டும்.