சரம் சரமாய்த் தொங்கும் பசி

பென்னலூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடிந்து வருபவர் டீக்கடையில் நிற்கிறார். டீயோடு பிஸ்கட், கையில் சரத்திலிருந்து கிழித்த சிப்ஸ் பாக்கெட். அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி பசி. வாயைக் கட்டத் தெரியாதவர் என்று சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் குறை பெரும்பாலும் பண்டத்தைச் செய்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

30 கிராம் சிப்ஸில் சுமார் 160 கலோரி. அதே கலோரி வேக வைத்த உருளைக்கிழங்கில் கிடைக்க ஏறக்குறைய 185 கிராம் தின்ன வேண்டும். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பொரிக்கும்போது அந்தத் தண்ணீர் போய், எண்ணெய் ஏறுகிறது. வயிறு கலோரியை எண்ணுவதில்லை. எவ்வளவு விரிந்தோம் என்பதைத்தான் முதலில் மூளைக்குச் சொல்கிறது. போதும் என்ற செய்தி போய்ச் சேரச் சற்று நேரமும் ஆகும். மொறுமொறுப்பாக நொறுங்கி வாயில் கரைவதை மெல்ல வேண்டியதில்லை, ஆகவே செய்தி கிளம்புமுன் பாக்கெட் காலி. பிஸ்கட்டிலும் இதே கதைதான்: மைதா, சர்க்கரை, எண்ணெய், நூறு கிராமுக்கு சுமார் 450 கலோரி, புரதம் ஆறேழு கிராம். அதே 450 கலோரிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் கால் கிலோவுக்கு மேல் வரும், புரதமும் மூன்று மடங்குக்குக் குறையாது.

உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகம், வேறென்ன என்று கேட்கலாம். 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு அதைத்தான் சோதித்தது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்றது. பரிமாறியதில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகளைப் பொருத்தி வைத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவில் தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். சிறிய சோதனை, குறுகிய காலம். இதனால்தான் என்று ஒற்றைக் காரணத்தை அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் சத்துக் கணக்கு மட்டும் போதாது என்று காட்டியது.

பத்து ரூபாய்க்கு, நின்றபடி, வேறென்ன கிடைக்கும்? நியாயமான கேள்விதான். சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம், அவித்த முட்டை கிடைக்கிற இடத்தில் அதற்குக் காசு கொடுப்பது மேல். பாக்கெட்தான் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. ஒரு பரிமாறல் எவ்வளவு என்பதைக் கம்பெனியே முடிவு செய்கிறது, ஆகவே நூறு கிராமுக்கான கணக்கைப் படியுங்கள். நார்ச்சத்தைக் காட்ட அங்கே கட்டாயமில்லை என்பது சட்டத்தின் ஓட்டை. விவரமே இல்லாமலோ தேதி அழிந்தோ விற்றால் பாக்கெட்டையும் பில்லையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.