2,958 ஜோடிகளில் யார் மேலே?

1982-ல் 'ரேடியாலஜி' இதழில் ஜேம்ஸ் ஹேன்லியும் பார்பரா மெக்நீலும் எழுதிய கட்டுரை ஒன்றில் 109 சி.டி. ஸ்கேன் படங்களின் கணக்கு வருகிறது. அவற்றில் 51 படங்களில் கோளாறு உண்டு, 58 படங்களில் இல்லை என்பது முன்பே தெரிந்த விஷயம். இந்த விடை தெரியாத ஒருவர் படங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார். 'நிச்சயமாகக் கோளாறு இல்லை' என்றால் 1, 'நிச்சயமாக உண்டு' என்றால் 5. அவருடைய திறமைக்குக் கிடைத்த அளவு 0.893. ஆர்.ஓ.சி. வளைகோட்டின் கீழுள்ள பரப்பு அது.

நூற்றுக்கு 89 படங்களைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்றுதான் இதைப் பலரும் படிப்பார்கள். அது தவறு. அந்த எண் வேறொரு கேள்விக்கான விடை. கோளாறுள்ள படங்களில் ஒன்றையும் கோளாறற்ற படங்களில் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், கோளாறுள்ள படம் அதிக மதிப்பெண் பெற்றிருக்க எவ்வளவு வாய்ப்பு? இருவரும் சமம் என்று வந்தால் அரைப் புள்ளி.

இது உண்மைதானா என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 51-ஐ 58-ஆல் பெருக்கினால் 2,958 ஜோடிகள். 5 மதிப்பெண் பெற்றவற்றில் கோளாறுள்ள படங்கள் 33, கோளாறற்றவை 2. அந்த 33-ல் ஒவ்வொன்றும், மதிப்பெண் குறைந்த 56 கோளாறற்ற படங்களை முந்துகிறது. மற்ற இரண்டோடு சமம், அதற்கு இரண்டு அரைப் புள்ளிகள். ஆக ஒவ்வொன்றுக்கும் 57, மொத்தம் 1,881. இரு பக்கமும் 11 படங்கள் 4 மதிப்பெண் பெற்றன. 3-லும் 2-லும் கோளாறுள்ளவை இரண்டிரண்டு, கோளாறற்றவை ஆறாறு. 1 மதிப்பெண் பெற்றவற்றில் கோளாறுள்ளவை 3, கோளாறற்றவை 33. எல்லாவற்றையும் இதே மாதிரி கூட்டினால் 2,642 புள்ளிகள். 2,958-ஆல் வகுத்தால் 0.893. வளைகோடு எதுவும் வரையாமலே அதே விடை!

தற்செயல் அல்ல இது. வளைகோடு வரையப்படும் முறையிலேயே காரணம் இருக்கிறது. படங்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோளாறுள்ள படம் வந்தால் கோடு ஒரு படி மேலே ஏறும். கோளாறற்றது வந்தால் ஒரு படி வலப்பக்கம் நகரும். முடிவில் 51 படி உயரமும் 58 படி அகலமும் கொண்ட ஒரு கட்டம் கிடைக்கிறது. அதிலுள்ள சிறு சதுரங்கள் 2,958, அதாவது ஜோடிக்கு ஒரு சதுரம். ஒரு ஜோடியில் கோளாறுள்ள படம் முன்னால் வந்திருந்தால் அதற்குரிய சதுரம் கோட்டுக்குக் கீழே விழும். பின்னால் வந்திருந்தால் மேலே. மதிப்பெண் சமமாக இருந்தால் கோடு குறுக்காகச் சென்று அந்தப் பகுதியைப் பாதியாக வெட்டும். கோட்டின் கீழுள்ள பரப்பை அளப்பதும், சரியாக வரிசைப்பட்ட ஜோடிகளை எண்ணுவதும் ஒரே வேலை. புள்ளியியலில் மான், விட்னி இருவரின் பெயரால் 1947 முதல் வழங்கிவரும் சோதனையும் இதே எண்ணிக்கையைத்தான் செய்கிறது.

மதிப்பெண் போடுவது மனிதரா கணினி மாதிரியா என்பது இந்தக் கணக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. 0.5 வந்தால் நாணயம் சுண்டிப் போட்டதற்குச் சமம். 1 வந்தால் கோளாறுள்ளவை அனைத்தும் மேலே, மற்றவை அனைத்தும் கீழே.

ஆனால் பரப்பு சொல்வது வரிசையை மட்டுமே. ஐந்து மதிப்பெண்களையும் 91 முதல் 95 வரை என்று மாற்றினாலும் 0.893 அசையாது. ஆகவே ஒரு மாதிரி '0.9' என்று மதிப்பெண் போட்டால், நோய்க்கு 90 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. பரப்பு பெரிதாக இருப்பதால் ஒவ்வொரு ஜோடியும் சரியாகிவிடுவதும் இல்லை: 'நிச்சயமாக இல்லை' என்று ஒதுக்கப்பட்ட 36 படங்களில் 3-ல் கோளாறு இருந்தது.

எந்த மதிப்பெண்ணிலிருந்து 'கோளாறு' என்று அறிவிப்பது என்பதையும் பரப்பு சொல்லாது. 4-ல் வரம்பு வைத்தால் 51-ல் 44 பிடிபடும், 58-ல் 13 வீண் எச்சரிக்கை. இதே திறமையோடு, நூற்றில் ஒருவருக்கு மட்டுமே கோளாறுள்ள 10,000 பேரைப் பரிசோதித்தால் நிலைமை தலைகீழாகிவிடும். நோயாளிகள் 100 பேரில் சுமார் 86 பேர் பிடிபடுவார்கள். கோளாறு இல்லாத 9,900 பேரில் ஏறக்குறைய 2,220 பேருக்கும் 'கோளாறு' என்ற சீட்டு போகும். அப்போதும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு அதே 0.893-தான்.