கோட்டின் முனை ஏன் சுவரில் ஒட்டுவதில்லை?

ஆட்டோகேடில் 20 மீட்டர் கட்டடம் திரை முழுக்கத் தெரிகிறது. திரையின் அகலம் 1920 பிக்சல். அப்போது ஒரு பிக்சலே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தொட்டதுபோல் தெரியும் மூலையில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். ஹேட்ச் போடும்போது எல்லை மூடப்படவில்லை என்று மென்பொருள் மறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

F3 அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை இயக்கினால், கர்சர் அருகில் வந்தாலே போதும். கோட்டின் முனை, நடுப்புள்ளி, வெட்டுப்புள்ளி ஆகியவற்றின் துல்லியமான ஆயத்தொலைவை மென்பொருளே எடுத்துக்கொள்ளும்.

திசைக்கு ஆர்த்தோ. 4000-க்கு 3000 அறை வரைய, LINE கொடுத்து, தொடக்கப் புள்ளியைச் சொடுக்கி, F8 அழுத்துங்கள். கர்சரை வலப்பக்கம் நகர்த்தி 4000, மேலே 3000, இடப்பக்கம் 4000 என்று ஒவ்வொன்றாகத் தட்டி என்டர் கொடுங்கள். கடைசியில் C. நான்காவது சுவர் தானாக மூடிக்கொள்ளும்.

30 டிகிரி கூரைச் சரிவுக்கு ஆர்த்தோ உதவாது. போலார் டிராக்கிங்கில் கோண இடைவெளியை 30 என வைத்து F10 அழுத்தினால் ஆர்த்தோ தானே அணைந்துவிடும். ஆனால் போலார் கர்சரைக் கட்டிப்போடாது. கோணத்தை நெருங்கும்போது மட்டும் புள்ளிக்கோடு காட்டி இழுக்கும். அந்தப் புள்ளிக்கோடு தெரியாத நேரத்தில் நீளத்தைத் தட்டினால், கர்சர் நிற்கும் 29 டிகிரியிலேயே கோடு விழும். கண்ணால் பிடிக்க முடியாது. LIST கொடுத்துக் கோட்டைத் தேர்ந்தெடுத்தால் உண்மையான கோணம் வந்துவிடும்.

ஆர்த்தோ இயங்கும்போதும் ஒரு முனையில் ஸ்னாப் பிடித்தால் ஸ்னாப்பே வெல்லும். அந்த முனை நேராக இல்லாவிட்டால் கோடு சாய்ந்தே போகும்.