பொங்கல் மேடையில் முதல் மூன்று நிமிடம்

சில ஆண்டுகளுக்கு முன், ஜுரு வட்டாரத்தில் நடந்த ஒரு பொங்கல் விருந்துக்கு நான் அறிவிப்பாளராகச் சென்றேன். மாலை 5.30க்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி 6.10க்குத் தொடங்கியது. கடைசி உரை முடியும்போது மணி 7.15. அழைப்பை ஏற்று வந்திருந்த மலாய்க்கார அண்டை வீட்டார் மக்ரிப் தொழுகைக்கு எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் பொங்கலைச் சுவைக்கவே இல்லை.

நேரம் எங்கே போனது? பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பட்டத்தோடு ஒரு பெயரைச் சொல்ல ஏறக்குறைய 7 விநாடி ஆகும். 20 பெயர் என்றால் 140 விநாடி. ஐந்து பேச்சாளர்களும் அதே பட்டியலைத் திரும்பப் படித்தால், விளிப்புக்கு மட்டுமே 11 நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

ஆகவே முழுப் பட்டியலை அறிவிப்பாளர் ஒருமுறை மட்டும் வாசிக்கட்டும். ஆளுநர், முதலமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் என்று பதவி வரிசையில் போகவேண்டும். யார் வருகிறார்கள், என்ன பட்டம் என்பதை முதல் நாளே அவர்களது அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வராதவர் பெயரை மேடையேறுமுன் அடித்துவிடுங்கள். பேச்சாளர்கள் சிறப்பு விருந்தினரை மட்டும் விளித்து, மற்றவர்களை "அவையோர்" என்று அழைத்தால் போதும்.

தொடக்க அறிவிப்பை எழுதியே வாசியுங்கள். நான் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொல். பட்டியல் நீங்கலாக மூன்று நிமிடத்துக்கு 240 சொல். அதில் மலாய்க்கும் இடம் ஒதுக்க வேண்டும். "வணக்கம், சலாம் செஜாத்ரா" என்று தொடங்கினால் எல்லாரையும் அழைத்ததாகும். தமிழில் சொன்னது அனைத்தையும் மலாயில் திரும்பச் சொல்ல வேண்டாம். எப்போது எழவேண்டும், எப்போது சாப்பாடு, எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்றையும் மட்டும் சொல்லுங்கள்.

எழுந்து நிற்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. "நெகாராகூ", மாநிலப் பண்ணான "உந்தோக் நெகிரி கீத்தா" இரண்டுக்கும் எல்லாரும் எழவேண்டும். "ஹாடிரின் டிமிந்தா பெர்டிரி" என்று அறிவியுங்கள். குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து வரும்போது, "விரும்புவோர் எழலாம், மற்றவர்கள் அமர்ந்தபடியே இருக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாருக்கும் தர்மசங்கடம் இராது.

உணவைப் பற்றிச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் "ஹலால்" என்று அறிவிக்காதீர்கள். "இது சைவம், இன்னார் சமைத்தது" என்று உள்ளதைச் சொன்னால் விருந்தினர் தாமே முடிவெடுப்பார்கள்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். ஜனவரி நடுவில் பினாங்கில் மக்ரிப் 7.25ஐ ஒட்டி வரும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 6.45க்குச் சாப்பாடு என்றால், 6.40க்கு மேடை முடியவேண்டும். தீவிலிருந்து வரும் பிரமுகர் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டாம். நாட்டுப்பண்ணும் நடனமும் முதலில் நடக்கட்டும், அவர் வந்ததும் உரை. இந்த மாற்றத்தைக் குழுத் தலைவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்று முடிவெடுக்க நேரமிருக்காது.