மின்னஞ்சலையும் மாற்றிவிட்டால் கணக்கை மீட்பது எப்படி?

கடைச் சரக்குகளின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு ஆர்டர் பிடிக்கும் வழக்கம் நம் வணிகர்களிடையே பரவியிருக்கிறது. அந்தக் கணக்கை வேறொருவன் பறித்து, அதிலுள்ள மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிட்டால் என்ன செய்வது? திண்டுக்கல்காரர்களான நமக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருடன் பூட்டையே மாற்றிவிட்டால் பழைய சாவியால் பயனில்லை. புதிய பாஸ்வேர்டு கேட்டாலும் அது அவனுடைய முகவரிக்கே போய்ச் சேரும்.

நத்தம் சாலையில் ஒரு மளிகைக் கடை. இரவு கடை அடைத்த பின் அதன் கணக்கு பறிபோனது என்று வைத்துக்கொள்வோம். காலையில் கடைக்காரர் முதலில் தம்முடைய மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் திருடன் அங்கேயும் நுழைந்திருப்பான். பிறகு security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று, ஸ்பாம், குப்பைப் பகுதிகள் உட்படத் தேட வேண்டும். முகவரி மாறினால் பழைய முகவரிக்கு இன்ஸ்டாகிராம் தகவல் அனுப்பும். மாற்றியது நாம் அல்ல என்று சொல்லும் இணைப்பு அதில் இருக்கும். அதை அழுத்தினால் மாற்றத்தை ரத்து செய்ய வழி கிடைக்கலாம். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே அழுத்துங்கள். போலிக் கடிதங்களும் வருவதுண்டு.

அது பலிக்காவிட்டால், வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்தே instagram.com/hacked பக்கத்துக்குப் போக வேண்டும். தொடர்புக்குத் திருடன் அறியாத மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். கணக்கில் உரிமையாளரின் படம் இருந்தால், முகத்தைப் பல பக்கம் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அரிசி மூட்டையும் சிறுமலைப் பழமும் மட்டுமே உள்ள கணக்குக்கு இது உதவாது. கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் அல்லது போன் எண், அப்போது பயன்படுத்திய கருவியின் வகை ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆகவே இவற்றை இன்றே கடைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இதற்கிடையே திருடன் கடையின் பெயரில் வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்கக்கூடும். வாட்ஸ்அப்பில் உடனே செய்தி அனுப்பி, கல்லாவுக்கு எதிரிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். யாரேனும் பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம்.

கணக்கு திரும்பியதும் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. திருடன் சேர்த்த மின்னஞ்சல், போன் எண், இரட்டைச் சரிபார்ப்பு ஆகியவற்றை நீக்கி, அவனுடைய கருவியையும் வெளியேற்ற வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மறுநாளே அவன் அதே வழியாகத் திரும்பி வரலாம்.